பீடமும் ஸ்கிரீன்ஷாட்டும்: 13 முதல் 17 வயதினர் வகுப்புக்கான ஒரு மணி நேரப் பாடம்

வேதபகுதி: யோசுவா 22:10–34
மனப்பாட வசனம்: "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்." நீதிமொழிகள் 18:13
தேவையானவை: வேதாகமம், வெள்ளைத்தாள், பேனா, கீழே உள்ள உரையாடல் எழுதிய இரண்டு தாள்கள். போன்களை முதல் 45 நிமிடம் ஒரு கூடையில் வைத்துவிடச் சொல்லுங்கள். கடைசிப் பகுதிக்கு அவை வேண்டும்.

தொடக்கம் (10 நிமிடம்)

முதல் தாளில் இந்த இரண்டு வரி மட்டும் இருக்கட்டும். பாடகர் குழுவிலுள்ள இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

"அப்போ இந்தத் தடவை அவளைப் பாட வைக்க வேணாம்."
"சரி. யார்கிட்டயும் சொல்லாத."

இதைப் பார்த்ததும் குரூப்பில் என்ன பதில் போடுவீர்கள் என்று ஆளுக்கொரு வரி எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், உண்மையிலும் அவ்வளவு நேரம்கூட யாரும் எடுப்பதில்லை. தாள்களை வாங்கிக் கலைத்து, உரக்க வாசியுங்கள். "பொறாமை", "இதுதான் இவங்க புத்தி" என்பது போன்ற வரிகள் வரும். எதையும் கண்டிக்காதீர்கள். பிறகு இரண்டாம் தாளைக் காட்டுங்கள்:

"கிறிஸ்துமஸ் பாட்டு லிஸ்ட் போட்டாச்சா?"
"போட்டாச்சு. ஆனா அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகுது. பேசக்கூட கூடாதாம்."
"அப்போ இந்தத் தடவை அவளைப் பாட வைக்க வேணாம்."
"சரி. யார்கிட்டயும் சொல்லாத."
"சொல்ல மாட்டேன். தெரிஞ்சா எல்லாரும் போன் பண்ணி அவளைப் பேச வச்சுடுவாங்க."
"சாயங்காலம் நாம போய்ப் பார்த்துட்டு வரலாம்."

வகுப்பு அமைதியாகும். அந்த அமைதியைப் பேசிக் கெடுக்காமல், நேரே வேதபகுதிக்குப் போங்கள்.

வேதபாடம் (15 நிமிடம்)

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். கானானில் யுத்தம் ஓய்ந்தது. ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் யோர்தானுக்குக் கிழக்கே தங்கள் காணியாட்சிக்குத் திரும்புகிறார்கள். வழியில் ஆற்றங்கரையில் பார்வைக்குப் பெரிதான ஒரு பீடத்தைக் கட்டுகிறார்கள். செய்தி மேற்கே போகிறது. 12ஆம் வசனத்தை ஒரு மாணவரை வாசிக்கச் சொல்லுங்கள்: சபையார் எல்லாரும் அவர்களோடு யுத்தம்பண்ணச் சீலோவிலே கூடிவிட்டார்கள்.

இங்கே நிறுத்திக் கேளுங்கள்: அவர்கள் கேள்விப்பட்டது பொய்யா?

பெரும்பாலோர் "ஆமாம்" என்பார்கள். இல்லை, பீடம் கட்டியது உண்மை. யார் கட்டினார்கள், எங்கே கட்டினார்கள் என்பதும் சரி. ஏன் கட்டினார்கள் என்பது மட்டுமே யாருக்கும் தெரியவில்லை. ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். அதிலுள்ள எழுத்து உண்மையாக இருக்கலாம், ஆனால் மேலும் கீழும் வெட்டப்பட்ட இடத்தில் காரணம் போய்விடுகிறது. பாடத்தின் உயிர் இந்த ஒரு புள்ளிதான். மாணவர்கள் இதைத் தங்கள் சொந்த வார்த்தையில் சொல்லும்வரை அடுத்த வசனத்துக்குப் போகாதீர்கள்.

வேறொரு பீடம் கட்டுவது கர்த்தரைவிட்டு விலகுவது என்ற அவர்களுடைய பயத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிடவும் கூடாது. பேயோரின் பாவத்தால் வந்த வாதையில் 24,000 பேர் செத்ததை (எண்ணாகமம் 25:9) அவர்கள் மறக்கவில்லை. ஆகான் ஒருவன் செய்த பாவம் எல்லார்மேலும் விழுந்ததையும் பார்த்தவர்கள். நியாயமான கோபமும் தவறான முடிவுக்குக் கொண்டுபோகலாம் என்பதை இந்த வயதினர் கேட்க வேண்டும். குரூப்பில் மோசமாக எழுதுகிற பலர், தாங்கள் நியாயத்துக்காகப் பேசுவதாகவே மனதார நம்புகிறார்கள்.

அடுத்து 13–20 வசனங்கள். யுத்தத்துக்கு முன்பு பினெகாசும் பத்துப் பிரபுக்களும் நேரில் அனுப்பப்படுகிறார்கள். எண்ணாகமம் 25இல் ஈட்டியோடு எழுந்துபோனவர் இதே பினெகாஸ். தயங்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதர் இங்கே உட்கார்ந்து பதிலைக் கேட்கிறார். எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்தது 19ஆம் வசனம்: உங்கள் தேசம் தீட்டாயிருந்தால் எங்கள் பக்கம் வந்து, எங்கள் நடுவிலே காணியாட்சி பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். தங்கள் நிலத்தில் பங்கு கொடுத்தாவது சகோதரனைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற மனதோடு போயிருக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் ஆரம்பித்தது குற்றச்சாட்டோடுதான். பூரணமாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் நேரில் போனதே ஒரு யுத்தத்தைத் தடுத்தது.

பதில் 26–28இல் இருக்கிறது. பீடம் பலியிட அல்ல. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, கர்த்தரிடத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லாதபடிக்கு ஒரு சாட்சி. பிரிந்துபோவதற்காகக் கட்டியது என்று நினைத்ததை, பிரிந்துவிடக் கூடாதே என்று கட்டியிருக்கிறார்கள்.

நம் போனில் நடப்பவை (20 நிமிடம்)

மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிலைமை கொடுங்கள். ஐந்து நிமிடம் பேசட்டும். மீதி நேரம் எல்லாரும் சேர்ந்து பேசுங்கள்.

*ஒன்று.* நண்பனைப் பற்றிய ஸ்கிரீன்ஷாட் உனக்கு வருகிறது. "நீ பார்த்தியா?" என்று கீழே எழுதியிருக்கிறது.

முதல் வேலை, யாருக்கும் அனுப்பாமல் இருப்பது. சிரிப்பு ஸ்டிக்கர் போடுவதும் கை சேர்ப்பதுதான். "விறகில்லாமல் நெருப்பு அவியும்" (நீதிமொழிகள் 26:20). அடுத்தது, சம்பந்தப்பட்டவனிடம் தனியாகக் கேட்பது. மத்தேயு 18:15 "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்றுதான் சொல்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இப்படி எழுதலாம்: "உன்னைப் பத்தி ஒரு மெசேஜ் சுத்துது. நான் யாருக்கும் அனுப்பல. உன்கிட்டயே கேட்கணும்னு தோணுச்சு. இப்போ பேசலாமா?" அவன் சம்மதித்தால் போனில் கூப்பிடு, முடிந்தால் நேரில் பார். எழுத்தில் குரல் கேட்காது, "ஏன் அப்படிச் சொன்ன?" என்பது அக்கறையாகவும் படும், சண்டையாகவும் படும்.

இதில் வழக்கமாக மூன்று இடத்தில் தவறுகிறோம். கேள்வியைக் குரூப்பிலேயே கேட்கிறோம், அப்போது அவனுக்கு விளக்குவதைவிட மானத்தைக் காப்பதே பெரிதாகிவிடுகிறது. முன்னறிவிப்பில்லாமல் படத்தை அனுப்பிவிடுகிறோம். அல்லது நள்ளிரவில், கோபம் ஆறாமலே எழுதுகிறோம். எழுதியே ஆக வேண்டுமென்றால் நோட்ஸில் எழுதி வை, காலையில் வாசித்துப் பார். ஏற்கெனவே தவறாக அனுப்பியிருந்தால், Delete for everyone அழுத்தினால் போதாது. அதற்குள் சேமித்தவர்களிடம் அது இருக்கும். எந்தக் குரூப்பில் போட்டாயோ அங்கேயே, "நான் விசாரிக்காமல் போட்டது தவறு" என்று எழுத வேண்டும்.

*இரண்டு.* ஆன்லைனில் பழக்கமான ஒருவர், உன் வயதுதான் என்கிறார். இரண்டு வாரமாக அன்பாகப் பேசிவிட்டு, இப்போது "உன் படம் ஒன்னு அனுப்பு, நான் பார்த்ததும் அழிஞ்சிடும்" என்கிறார்.

ஆசிரியரே, இதை வெட்கப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பிய படத்தையும் இன்னொரு போனால் படமெடுக்க முடியும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மோசக்காரர் பின்பற்றும் வரிசையைப் பலகையில் எழுதுங்கள்: புகழ்ச்சி, வேறொரு ஆப்புக்கு வரச் சொல்வது, ரகசியம் கேட்பது, படம் கேட்பது, பிறகு "பணம் கொடு, இல்லாவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன்". முதல் மூன்றிலேயே விலகக் கற்றுக்கொடுங்கள். "விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான்" (நீதிமொழிகள் 22:3). விலகி ஓடுவது கோழைத்தனம் இல்லை, யோசேப்பும் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான்.

ஏற்கெனவே மிரட்டல் வந்துவிட்டால்: பணம் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். இன்னொரு படம் அனுப்பாதே. உரையாடலை அழிக்காதே. மிரட்டல் வரிகளையும் அந்தக் கணக்கின் பெயரையும் சேமித்துக்கொண்டு, Report செய்துவிட்டு Block செய். அன்றைக்கே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல். 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க takeitdown.ncmec.org என்ற இலவச சேவை இருக்கிறது. அது படத்தின் டிஜிட்டல் ரேகையை மட்டும் வாங்கிக்கொள்ளும், படம் உன் போனைவிட்டு வெளியே போகாது.

*மூன்று.* "இந்த வசனத்தை 10 பேருக்கு அனுப்பு, அற்புதம் நடக்கும்" என்ற மெசேஜ். அல்லது தேதியும் இடமும் சரியாக இல்லாத அவசர ஜெப விண்ணப்பம். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு Forwarded many times என்றிருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். எழுதியவர் யாரென்று உனக்கு அனுப்பியவருக்கே தெரியாது. "பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான்" (நீதிமொழிகள் 14:15). தேவன் எண்ணிக்கை பார்த்து ஆசீர்வதிப்பதில்லை. பயத்தோடு அனுப்பிய வசனம் சுவிசேஷமும் அல்ல.

*நான்கு.* மற்றவர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து, தன் முகமே பிடிக்காமல் போகிறது. இதற்குப் பிரசங்கம் வேண்டாம். 1 சாமுவேல் 16:7ஐ வாசித்துவிட்டு, எந்த மூன்று கணக்குகளைப் பார்த்தபின் மனம் சோர்கிறது என்று ஒவ்வொருவரும் தனக்குள் யோசிக்கட்டும். கடைசிப் பகுதியில் அவற்றை Mute செய்யலாம். எதிராளிக்கு அது தெரியாது.

போனைக் கையில் எடுத்து (10 நிமிடம்)

கூடையைத் திருப்பிக் கொடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே செய்ய வையுங்கள். வீட்டில் செய்கிறேன் என்றால் பெரும்பாலும் நடக்காது.

வாட்ஸ்அப்பில் Settings, Privacy, Groups போய் My contacts என்று மாற்றட்டும், தெரியாதவர் குரூப்பில் இழுத்துவிட முடியாது. இன்ஸ்டாகிராம் கணக்கு Private ஆக இருக்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டிலும் Two-step அல்லது Two-factor சரிபார்ப்பை இயக்கட்டும், அந்த எண்களைத் தோழிக்கும் சொல்லக் கூடாது. பிறகு ஆண்ட்ராய்டில் Digital Wellbeing, ஐபோனில் Screen Time திறந்து நேற்றைய கணக்கைப் பார்க்கட்டும். எண்ணை உரக்கச் சொல்லச் சொல்லாதீர்கள், அது வெட்கப்படுத்துவதில்தான் முடியும். "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" (1 கொரிந்தியர் 6:12) என்ற வரியை மட்டும் வாசித்து, எந்த ஆப்புக்கு எத்தனை நிமிட வரம்பு என்று அவர்களே வைக்கட்டும். இரண்டு மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்குபவர் மூன்றாம் நாள் விட்டுவிடுவார். கால் பங்கு குறைத்தால் நிற்கும். இரவில் போனைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுவதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவுகிறது. அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு ஒரே நாளில் உடைந்துவிடும்.

ஜெபமும் வார வேலையும் (5 நிமிடம்)

சங்கீதம் 141:3ஐ எல்லாரும் சேர்ந்து ஜெபமாகச் சொல்லுங்கள்: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல் வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்." பிறகு, விரல்களுக்காக ஒரு நிமிடம் மௌனம்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. யாரைப் பற்றியாவது கேள்விப்பட்டால், அவரிடமே ஒருமுறை கேட்க வேண்டும். அடுத்த ஞாயிறு என்ன கேள்விப்பட்டார்கள் என்று விசாரிக்காதீர்கள், கேட்டார்களா என்று மட்டும் கேளுங்கள்.

ஆசிரியருக்கு மட்டும்

இந்த வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் பின்தங்கி நிற்கக்கூடும். அதனால் அடுத்த அரை மணி நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கதவைத் திறந்துவைத்து, மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், "உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், யாரென்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். அந்தரங்கப் படம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் அதைப் பார்க்கக் கேட்காதீர்கள், உங்கள் போனுக்கு அனுப்பவும் சொல்லாதீர்கள். சிறுவர் படத்தை வைத்திருப்பதே பல இடங்களில் குற்றம், பிள்ளைக்கும் அது இன்னொரு காயம். "ஏன் அனுப்பினாய்?" என்ற கேள்வி அன்றைக்கு வேண்டாம். "சொன்னது நல்லது. இப்போது என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்" என்று ஆரம்பியுங்கள். அன்று மாலைக்குள் பெற்றோரிடமோ, பெற்றோரிடம் சொல்வது ஆபத்து என்றால் சபையில் பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடமோ பேசிவிடுங்கள். மிரட்டல் இருந்தால் காவல்துறைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.