பள்ளிப் பேருந்து வழித்தடச் சீரமைப்பு: திட்ட அறிக்கை

நோக்கமும் கட்டுப்பாடுகளும்

214 மாணவர்களை ஏற்றிவரும் 7 பேருந்துகளின் ஓட்டத் தூரத்தைக் குறைப்பதே நோக்கம். ஒவ்வொன்றிலும் 40 இருக்கைகள். யாரும் நின்றுகொண்டு வரக் கூடாது. பயணம் 50 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முதன்மைச் சாலையைக் கடந்து ஏறும்படி நிறுத்தம் அமையக் கூடாது. பேருந்துகள் இரவில் பள்ளியிலேயே நிற்பதால், முதல் நிறுத்தம் வரை காலியாகப் போகும் ஓட்டமும் கணக்கில் சேரும்.

பழைய நிலை

ஓடோமீட்டரின் ஐந்து நாள் சராசரிப்படி காலை ஓட்டம் 204.0 கி.மீ. புதிய மாணவர் சேரும்போதெல்லாம் ஏதாவது ஒரு தடத்தில் ஒட்டுப்போட்டு வளர்ந்த வழிகள் இவை. மொத்தம் 58 நிறுத்தங்கள். 13-இல் ஒரே ஒரு மாணவர்தான் ஏறினார்.

செய்முறை

250 மீட்டருக்குள் இருந்த நிறுத்தங்களை இணைத்ததில் 58 என்பது 47 ஆனது. பிறகு 1964-இல் கிளார்க், ரைட் இருவரும் வெளியிட்ட சேமிப்பு முறை:

```
s(i,j) = d(i,0) + d(0,j) - d(i,j)
```

s என்பது மிச்சம், d என்பது தூரம், i, j என்பவை இரு நிறுத்தங்கள், 0 என்பது பள்ளி. 14-ஆம் நிறுத்தம் பள்ளியிலிருந்து 6.8 கி.மீ., 22-ஆம் நிறுத்தம் 7.4 கி.மீ., இரண்டுக்கும் இடையே 1.1 கி.மீ. தனித்தனிப் பேருந்துக்குப் பதில் ஒன்றே இரண்டுக்கும் போனால் மிச்சம் 6.8 + 7.4 − 1.1 = 13.1 கி.மீ. மிச்சம் அதிகமுள்ள இணையிலிருந்து தொடங்கி, இருக்கை நிரம்பும்வரை தடங்கள் சேர்க்கப்பட்டன. 6 தடங்கள் போதுமானதாயின: 158.1 கி.மீ. தடம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் இடங்களை 2-opt முறையில் அவிழ்த்ததும் 155.5 கி.மீ.

எங்கே பிசகியது

முதல் கணக்கு நேர்க்கோட்டுத் தூரத்தில் போடப்பட்டது. அது குப்பைக்குத்தான் போனது. வரைபடத்தில் 400 மீட்டர் இடைவெளியில் தெரிந்த இரு நிறுத்தங்களுக்கு நடுவே ரயில் பாதை. சாலை வழியே 3.1 கி.மீ. மேலே உள்ள எண்கள் எல்லாம் சாலைத் தூரத்தில் திருப்பிப் போட்டவை.

அடுத்து, ஒரு தடம் 68 நிமிடம் இழுத்தது. நிறுத்தத்துக்கு 30 விநாடி, மாணவருக்கு 5 விநாடி என ஏறும் நேரத்தைச் சேர்த்தபின்தான் இது தெரிந்தது. கடைசி நான்கு நிறுத்தங்களை வேறு தடத்துக்கு மாற்றியதில் 5.9 கி.மீ. கூடியது. சோதனை ஓட்டத்தில், தாழ்வான மின்கம்பி தொங்கிய ஒரு சந்தைத் தவிர்த்ததில் இன்னும் 1.2 கி.மீ.

முடிவு

காலை ஓட்டம் 162.6 கி.மீ.; மிச்சம் 41.4 கி.மீ., அதாவது 20.3%. இதில் நிறுத்தங்களை இணைத்ததால் மட்டும் வந்தது 9.3 கி.மீ. மாலை ஓட்டம் 207.5-இலிருந்து 169.3 கி.மீ. ஆனது. ஒருவழிச் சாலைகளால் காலைத் தடத்தை அப்படியே திருப்பி ஓட்ட முடியாததால் மாலை மிச்சம் சற்றுக் குறைவு. நாளொன்றுக்கு மொத்த மிச்சம் 79.6 கி.மீ. ஏழாவது பேருந்து பழுதுக்கால மாற்று வண்டியாக நிற்கிறது.