அணைஞ்ச மாதிரி இருக்கும்

தீபாவளிக் குறும்படம். படப்பிடிப்புக்கான எழுத்துப்படி.
நீளம்: 9 நிமிடம்.
இடம்: வேலந்தாவளம் பக்கம், கேரள எல்லைக்குள் ஓட்டு வீடு ஒன்று. முன்னால் இரும்புக் கேட், சிமெண்ட் வாசல், ஒரு பக்கம் தென்னை.
ஆட்கள்: பையன் (11), பாப்பா (6), அம்மா, அம்மாவைப் பெற்ற அமுச்சி, மாமா, பக்கத்து வீட்டுச் சேச்சி. குரல்: ஊர்ப் பெண்குரல், நிதானமாக.

படமெடுப்பவர்களுக்கு: குழந்தைகள் கையில் உயிருள்ள வெடி ஒரு ஷாட்டுக்குக்கூட வரக்கூடாது. வெடிக்காமல் கிடக்கும் ஆட்டம் பாம், மணல் நிரப்பிச் சுற்றிய காகித உருளை. மத்தாப்பு எரியும் நெருக்கக் காட்சிக்குப் பெரியவர் கையை எடுங்கள். சீரியல் செட்டைத் தொடும் காட்சிகளில் பிளக் சுவரில் இருக்கக்கூடாது. தீக்காயப் படங்கள் வேண்டாம். அவற்றைப் பார்க்கும் குழந்தை பயந்து கண்ணை மூடிக்கொள்ளும், எதைச் செய்யக்கூடாது என்பது மனதில் நிற்காது.

காட்சி 1. வாசல், மாலை 4 மணி. மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது, தரை ஈரம்.

(பழைய சீரியல் செட்டைப் பையன் கேட்டில் சுற்றத் தொடங்குகிறான். மாமா தடுக்கிறார்.)

மாமா: இரு தம்பி. இரும்புக் கேட்டுல சுத்தாதே. மொதல்ல திண்ணையில விரி.

குரல்: ஐப்பசி மழைக் காலம். வயர்ல தோல் உரிஞ்ச இடம் ஒண்ணு இருந்தாப் போதும், கேட் முழுக்கக் கரண்ட் வரும். துணி காயப்போடற கம்பி, தகரக் கூரை, கிரில், எல்லாத்துக்கும் இதே கதைதான். சீரியல் செட்டை மரச்சட்டத்துலயோ பிளாஸ்டிக் கொக்கியிலயோ தொங்க விடுங்க. ஆணி அடிச்சு வயரை அழுத்தாதீங்க.

(மாமா வயரை விரல்களுக்கிடையில் ஓட்டிப் பார்க்கிறார். நடுவில் முறுக்கி, செலோடேப் ஒட்டிய இணைப்பு. நெருக்கக் காட்சி.)

குரல்: செலோடேப் ஈரத்துல கழண்டுடும். இந்த செட்டு இனி வேண்டாம். புதுசு வாங்கினாலும் மாட்டறதுக்கு முன்னாடி காஞ்ச தரையில விரிச்சு, கால் மணி நேரம் எரிய விட்டுப் பாருங்க. மினுக்கற அந்தச் சின்னப் பெட்டி சுட்டாலோ, பொசுங்கல் வாடை வந்தாலோ கடைக்கே திருப்பிக் கொடுத்துடுங்க.

(புதிய செட் சன்னலில் தொங்குகிறது. பிளக்குக்கு முன்னால் வயர் கொஞ்சம் கீழே தொய்ந்து மேலேறுகிறது. தொய்வின் அடியிலிருந்து மழைத்துளி சொட்டுகிறது.)

குரல்: வயர்ல வழியற தண்ணி இந்தத் தொய்வுலயே சொட்டிடும், பிளக்குக்குப் போகாது. பிளக் இல்லாம வெறும் கம்பியைச் சொருகி, தீக்குச்சி வச்சு இறுக்கற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்குது. அதை இன்னிக்கே விடுங்க.

(மாமா மீட்டர் பெட்டியில் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்துகிறார். டக்கென்று விழுகிறது. மீண்டும் தூக்கிவிடுகிறார்.)

குரல்: முப்பது மில்லியாம்பியர் ஆர்சிசிபி. கரண்ட் கசிஞ்சா தானா விழுந்து கரண்டை அறுக்கும். பொத்தானை அழுத்தினா விழணும். விழலைன்னா அது வேலை செய்யலை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. இது இல்லாத வீட்டுல வெளி வாசலுக்கு விளக்கு மாட்ட வேண்டாம், உள்ளே சன்னலோட நிறுத்திக்கங்க.

காட்சி 2. அதே திண்ணை.

(பாப்பா பழைய செட்டில் எரியாத பல்பைப் பிடுங்கக் கை நீட்டுகிறாள். சுவரில் சுவிட்ச் ஆனில் இருப்பது காட்சியில் தெரிய வேண்டும்.)

பாப்பா: அமுச்சி, இது எரியலை. எல்லாமே செத்துப் போச்சு.

அமுச்சி: தொடாதே கண்ணு!

(பாப்பாவின் கை நிற்கிறது. திரையில் பெரிய எழுத்தில்: அணைஞ்ச மாதிரி இருக்கும். அணைஞ்சிருக்காது.)

குரல்: இந்தப் படத்துல எச்சரிக்கை இது ஒண்ணுதான். பழைய சீரியல் செட்டுல பல்பெல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோத்திருக்கும். ஒண்ணு போனா எல்லாம் அணையும். ஆனா கரண்ட் வயர்லயேதான் நிக்குது. பல்பைப் பிடுங்கின அந்த ஓட்டையில 230 வோல்ட் இருக்கும். சுவிட்சை அணைச்சாலும் பத்தாது. சில வீட்டுல சுவிட்ச் நியூட்ரலை மட்டுந்தான் அறுக்கும், கரண்ட் வர்ற ஃபேஸ் அப்படியே வயர்ல இருக்கும். பிளக்கைக் கழட்டிக் கையில வச்சுட்டுத்தான் பல்பைத் தொடணும்.

அம்மா: அப்ப பிளக்கை யாரு கழட்டறது?

குரல்: விதியும் ஒண்ணுதான். பிளக்கும் நெருப்பும் காவலாள் கையில.

(அம்மா சிவப்புத் துண்டொன்றை மாமாவின் தோளில் போடுகிறாள்.)

குரல்: காவலாள்னா ஒரு பெரியவர். அவருக்கு அந்த நேரத்துல வேற வேலை கிடையாது. போன் பேசறது, வீடியோ எடுக்கறது, விருந்தாளிக்குக் காப்பி கொடுக்கறது எதுவும் இல்லை. குடிச்சிருக்கக் கூடாது. தீப்பெட்டி, ஊதுபத்தி, பட்டாசுப் பை மூணும் அவர்கிட்டத்தான். அவர் உள்ளே போகணும்னா துண்டை இன்னொரு பெரியவருக்கு மாத்தணும். மாத்த ஆள் இல்லைன்னா வெடி நிக்கணும். "எல்லாரும் பாத்துக்குவாங்க"ன்னு விட்ட வாசல்ல யாரும் பாக்கறதில்லை. துண்டு ஒரே தோள்ல இருக்கறது அதுக்குத்தான்.

காட்சி 3. இரவு 7.40.

(எல்லைக்கு அந்தப் பக்கம் வெடிச்சத்தம். பையன் பரபரக்கிறான்.)

பையன்: மாமா, சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் ஆரம்பிச்சுட்டாங்க!

மாமா: அவங்களுக்கு ஏழுலருந்து எட்டு. நமக்கு எட்டுலருந்து பத்து. பொறு.

குரல்: தமிழ்நாட்டுப் பக்கம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. கேரளப் பக்கம் இரவு 8 முதல் 10. அந்தந்த வருஷ அறிவிப்பையும் கேட்டுக்கங்க. ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க இருக்கற ஊர் இது. அங்கே முடிச்சுட்டு மிச்சத்தை டிரவுசர் பையில போட்டுக்கிட்டு, வண்டியில இங்கே வர்ற பசங்க உண்டு. பையில வெடி இருக்கறவன் மத்தாப்புப் பக்கத்துல நிக்கறான்னு நினைச்சுப் பாருங்க. மிச்சம் எதுவானாலும் மூடின அட்டைப்பெட்டியில, காவலாள்கிட்ட.

(வாசல். இரண்டு வாளி. ஒன்றில் தண்ணீர் நிறைய, ஒன்றில் மணல். பக்கத்தில் சொம்பு.)

குரல்: தண்ணி வாளி 15 லிட்டர், பாதி இல்லை, முழுசா. எரிஞ்ச கம்பியெல்லாம் மணல்லயோ தண்ணியிலயோதான் போகணும், தரையில இல்லை.

(பாப்பா நைலான் பாவாடையோடு வருகிறாள். அம்மா பருத்திச் சட்டை மாற்றி, செருப்புப் போட்டு, தலைமுடியை இறுக்கிக் கட்டுகிறாள்.)

குரல்: நைலான் எரியறதோட உருகித் தோல்ல ஒட்டிக்கும். பருத்தி அப்படி ஒட்டாது. தொளதொளன்னு தொங்கற துணி வேண்டாம், தாவணியை இடுப்புல சொருகிக்கங்க. செருப்பு கட்டாயம். மத்தாப்பு கையில மட்டும் சுடறதில்லை, கீழே கிடக்கற கம்பியை மிதிச்சாலும் சுடும்.

(மணி எட்டு ஆகிவிட்டது. மாமா நீளமான ஊதுபத்தியால் கம்பி மத்தாப்பைப் பற்றவைத்துப் பையனிடம் கொடுக்கிறார். பையன் கையை நீட்டிப் பிடிக்கிறான். பாப்பா திண்ணையில் அமுச்சி மடியில்.)

குரல்: மத்தாப்பு நுனி ஆயிரம் டிகிரிக்கு மேல. அதனால ஒரு நேரத்துல ஒரு குழந்தை, ஒரு கம்பி. அடுத்த குழந்தை ரெண்டு மீட்டர் தள்ளி. அஞ்சு வயசுக்குக் கீழே கையில கொடுக்கவே வேண்டாம், தூக்கிக்கிட்டும் கொளுத்தாதீங்க. பெட்டியில பசுமைப் பட்டாசுன்னு போட்டிருந்தாலும் புகைதான் குறையும், சூடு குறையாது.

(புஸ்வாணம். மாமா பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பி, கையை நீட்டிப் பற்றவைத்துப் பின்வாங்குகிறார்.)

குரல்: மேலே குனியாதீங்க. பத்திக்கிட்டதும் புஸ்வாணத்துக்கு அஞ்சு மீட்டர், ஆட்டம் பாமுக்கும் ராக்கெட்டுக்கும் பத்து மீட்டர் தள்ளி வந்துடுங்க. சிரட்டை, டப்பா, பாட்டில் எதையும் வெடி மேல கவிழ்க்காதீங்க. சத்தம் கூடறதுக்காகச் செய்யறது, சிதறி வர்றது தகரமும் கண்ணாடியும்.

காட்சி 4. இரவு 8.50.

(ஆட்டம் பாம். திரி கொஞ்சம் எரிந்து, புகைந்து, நின்றுவிடுகிறது. அமைதி. ஐந்து நொடி யாரும் பேசக்கூடாது. பையன் எட்டு வைக்கிறான்.)

சேச்சி (மதிலுக்கு அப்பாலிருந்து): மோனே, தொடல்லே!

(திரையில் மீண்டும்: அணைஞ்ச மாதிரி இருக்கும். அணைஞ்சிருக்காது.)

குரல்: திரி ஈரமா இருந்தா மேலே நெருப்பு தெரியாது, உள்ளே கனன்றுகிட்டே போகும். எப்ப மருந்தைத் தொடும்னு வெளியிலிருந்து சொல்ல முடியாது. தொட்டா, கையை இழுக்க நேரம் இருக்காது. அதனால குனிஞ்சு பாக்கறது இல்லை, ஊதறது இல்லை, காலால எத்தறது இல்லை, திரும்பப் பத்தவைக்கறதும் இல்லை. எல்லாரையும் தள்ளி நிறுத்திட்டு அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் காவலாள் எட்டத்துல நின்னு வாளித் தண்ணியை ஊத்துவார். நனைஞ்சதை மம்பட்டியால எடுத்து வாளிக்குள்ள போட்டு ராத்திரி முழுக்க ஊற விடணும்.

பையன்: நமுத்துப் போனதைக் காயவச்சா?

மாமா: அடுப்புப் பக்கத்துலயா? வேண்டவே வேண்டாம் தம்பி.

குரல்: அடுப்புலயும் தோசைக்கல்லுலயும் காயவைக்கறது, பிரிச்சு மருந்தைச் சேக்கறது ரெண்டும் கையையும் கண்ணையும் வாங்கிடும். அந்த மருந்து உரசினாலே பத்தும்.

காட்சி 5. குழாயடி.

(அம்மாவின் விரல் சூடான கம்பியில் பட்டிருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஓடுகிறது. அமுச்சி பேஸ்ட் கொண்டு வருகிறாள். அம்மா தலையாட்டி மறுக்கிறாள்.)

குரல்: ஓடற தண்ணியில 20 நிமிஷம், கடிகாரம் பாத்து. வீங்கறதுக்கு முன்னாடி மோதிரம், வளையல் கழட்டுங்க. பேஸ்ட், மை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். ஒட்டின துணியைப் பிய்க்காதீங்க, சுத்தமான துணியால மெல்ல மூடுங்க. துணியில தீப்பிடிச்சா ஓட விடாதீங்க: நில், படு, உருள். கண்ணுல பட்டா தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க, குத்தி நிக்கறதை எடுக்காதீங்க. ஒரு காகிதக் கப்பைக் கண்ணு மேல கவிழ்த்துப் பிடிச்சு நேரா கண் ஆஸ்பத்திரிக்கு. ஷாக் அடிச்சுக் கிடந்தா முதல்ல மெயினை அணைச்சுட்டுத்தான் ஆளைத் தொடணும்.

(திரையில்: ஆம்புலன்ஸ் 108. தீயணைப்பு 101. எந்த அவசரத்துக்கும் 112.)

குரல்: படுக்கறதுக்கு முன்னாடி அகல் விளக்கை அணைச்சு, சீரியல் செட் பிளக்கைக் கழட்டிடுங்க. அதுவும் காவலாள் வேலைதான்.

காட்சி 6. மறுநாள் காலை 6 மணி. தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம்.

(பையனும் பாப்பாவும் வெடிக்காததைத் தேடக் கிளம்புகிறார்கள். மாமா அதே துண்டோடு வாசலில் நிற்கிறார்.)

மாமா: நான் தண்ணி தெளிச்சுக் கூட்டற வரைக்கும் தெருவுல இறங்க வேண்டாம்.

குரல்: ராத்திரி முழுக்கப் பாத்துக்கிட்ட வீட்டுலயும் காலையில கவனம் போயிடுது. பெரியவங்க தூங்கறப்பப் பசங்க பொறுக்கப் போறாங்க. பிள்ளைங்க எழறதுக்கு முன்னாடி காவலாள் எழணும். வாசலையும் வீட்டுக்கு முன்னாடி தெருவையும் நனைச்சு, நீள விளக்குமாத்தால கூட்டுங்க. குப்பையைக் குமிச்சுக் கொளுத்தாதீங்க, அதுக்குள்ள முழு வெடி கிடக்கும். ஊறினதைத் தனிப் பையில கட்டி, பட்டாசுக் குப்பைன்னு சொல்லித் துப்புரவு ஆள் கையில கொடுங்க.

(மாமா பையைக் கட்டுகிறார். பையன் அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதுகிறான்: பட்டாசு. நனைஞ்சது. பிரிக்க வேண்டாம்.)