பயிற்சித் தம்பிக்குக் கத்தி வெட்டு: காய அறிக்கை

பெறுநர்: மேலாளர்
எழுதுபவர்: காலை ஷிப்ட் துணை மாஸ்டர்
நடந்தது: 14.06.2025, சனிக்கிழமை, காலை 10.40
இடம்: காய் வெட்டும் மேசை, கழுவும் தொட்டிப் பக்கம்
காயம் பட்டவர்: பயிற்சிக்குச் சேர்ந்து ஆறு வாரமான தம்பி, வயது 19
காயம்: இடது ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டி, சுமார் ஒன்றரை சென்டிமீட்டர், இரண்டு தையல்

இப்படி ஒரு அறிக்கையை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அதனால் கண்ணால் பார்த்ததைத் தனியாகவும், தம்பி சொன்னதைத் தனியாகவும் எழுதுகிறேன்.

நான் பார்த்தது: மதியக் குருமாவுக்குத் தம்பி கேரட் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்றேன். "அண்ணே, கை வெட்டிருச்சு" என்ற சத்தம் கேட்டுத் திரும்பினேன். விரலை இறுகப் பிடித்தபடி நின்றார். கட்டையில் இருந்த கேரட் மேல் ரத்தம் சொட்டியிருந்தது. கட்டை மேசை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது.

தம்பி சொன்னது: கேரட் உருண்டது. கத்தி தோலில் இறங்காமல் வழுக்கியது. அழுத்திய வேகத்தில் கட்டையும் நகர்ந்து, கத்தி விரலில் பட்டது.

உடனே சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, கையை மார்புக்கு மேலே தூக்கி வைத்தோம். துணியை எடுத்ததும் மறுபடி கசிந்தது. அப்புறம் கேஷியர் தம்பியை ஆட்டோவில் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். தையல் போட்டு, டி.டி. ஊசியும் போட்டார்கள். பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். விரலில் தண்ணீர் படக்கூடாது. வெட்டிய கேரட் முழுவதையும் கொட்டிவிட்டோம். கட்டை, கத்தி, மேசை மூன்றையும் சோப்பு போட்டுக் கழுவி, கிருமிநாசினியால் துடைத்தோம்.

காரணம் என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அந்தக் கத்தி மழுங்கியிருந்தது எனக்கு வியாழக்கிழமையே தெரியும். சாணைக்கு அனுப்பாமல் விட்டது என் தவறு. மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டும், அழுத்தினால் வழுக்கும். கட்டைக்கு அடியில் போடும் ஈரத்துணியை யாரோ மேசை துடைக்க எடுத்திருந்தார்கள். கேரட்டை முதலில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தால் உருளாது. விரல் நுனியை உள்ளே மடக்கியும் பிடிக்க வேண்டும். இரண்டையும் தம்பிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "சீக்கிரம் முடி" என்று நான் இரண்டு தடவை சொன்னேன். கவனக்குறைவு என்று அவர் பேரில் எழுதுவது நியாயமில்லை.

இன்று மாலையே ஆறு கத்திகளையும் சாணைக்குக் கொடுத்துவிட்டேன். கட்டைக்கென்று பச்சை நிறத் துணி தனியாக வைத்திருக்கிறேன். அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி ஒரே ஒரு சுருள்தான் இருந்தது, வாங்கித் தர வேண்டும்.

தம்பி வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் பிடிக்க வேண்டாம் என்றும், கிளினிக் செலவை உணவகமே ஏற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். திரும்பி வந்ததும் முதல் வாரம் நானே பக்கத்தில் நின்று வெட்டச் சொல்லித் தருகிறேன்.

இதைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். கட்டை நகர்ந்ததை முதலில் நான் எழுதவில்லை, அவர் சொல்லித்தான் சேர்த்தேன். இருவரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறோம்.