200 நாற்காலிகளை ஏற்க மறுத்து, மாற்றுச் சரக்கு அல்லது பணம் கோரும் அறிவிப்பு

11 மார்ச் 2025

அனுப்புநர்: செயலாளர், ஆலய நிர்வாகக் குழு, தோட்டத்து மாரியம்மன் ஆலயம், சுங்கை சிப்புட், பேராக்

பெறுநர்: உரிமையாளர், நாற்காலி விற்பனைக் கடை, ஈப்போ

(பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும்)

ஐயா,

10 பிப்ரவரி 2025-இல் நாம் கையெழுத்திட்ட விற்பனை ஒப்பந்தப்படி, கைப்பிடி வைத்த 200 பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு ஒன்று 32 வெள்ளி வீதம் 6,400 வெள்ளியை முழுதாகக் கட்டிவிட்டோம். லோரிக்கூலி 180 வெள்ளி தனி. சரக்கு மார்ச் 3 திங்கட்கிழமை வந்தது. அந்த 200 நாற்காலிகளையும் ஏற்க மறுக்கிறோம் என்பதை இதன்வழி தெரிவிக்கிறோம். குறை சொல்ல ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு தரும் 14 நாள் மார்ச் 17 வரை உள்ளது.

உங்கள் கடையில் பார்த்துத் தேர்ந்த மாதிரி நாற்காலி எங்களிடமே இருக்கிறது. அதன் அடியில் மார்க்கர் பேனாவால் நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மளிகைக் கடைத் தராசில் அது 2.9 கிலோ நின்றது. வந்தவற்றில் 20 நாற்காலிகளை மார்ச் 8 கோத்தோங் ரோயோங் அன்று பிரித்து நிறுத்தோம். ஒன்றுகூட 2 கிலோவைத் தாண்டவில்லை. பின்காலைக் கையால் லேசாக அகட்டினாலே மூட்டில் வெள்ளைக் கோடு விழுகிறது. ஏழில் அந்தக் கோடே விரிசலாகிவிட்டது. சோதித்துப் பார்க்க உட்கார்ந்த எங்கள் பொருளாளர் சிமெண்டுத் தரையில் சரிந்தார். நல்லவேளை, அடி பலமில்லை. அன்னதானத்துக்கு வரும் வயதானவர்களை இதில் எப்படி உட்கார வைப்பது?

டி.ஓ.வில் கையெழுத்து இருக்கிறதே என்று உங்கள் கடைப் பையன் போனில் கேட்டார். மழையில், இருட்டும் நேரத்தில், கட்டுகளை எண்ணிப் போட்ட கையெழுத்து அது. எண்ணிக்கைக்குத்தான், தரத்துக்கு அல்ல. சோதித்த 20 தவிர மற்ற 180-ம் கட்டுப் பிரிக்காமல் ஆலய மண்டபத்தில் அடுக்கியிருக்கின்றன. எந்த நிகழ்ச்சிக்கும் எடுக்கவில்லை.

மாதிரி காட்டி விற்ற சரக்கு அந்த மாதிரியின் தரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. மறுத்த சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து தரும் கடமை வாங்கியவருக்கு இல்லை, மறுப்பைத் தெரிவித்தால் போதும் என்கிறது 43-ஆம் பிரிவு. ஆகவே உங்கள் செலவில் ஏற்றிச் செல்லுங்கள். காலை 9 முதல் மாலை 5 வரை எந்த நாளும் மண்டபத்தைத் திறந்துவிடுகிறோம்.

எங்கள் கோரிக்கை: மாதிரிக்கு ஒத்த 200 நாற்காலிகளை மார்ச் 25-க்குள் இறக்கித் தாருங்கள். முடியாதென்றால், லோரிக்கூலி உட்பட 6,580 வெள்ளியை ஏப்ரல் 1-க்குள் ஆலய வங்கிக் கணக்கில் சேருங்கள். பங்குனி உத்திரம் நெருங்குகிறது. அதைத் தாண்டி வரும் நாற்காலி எங்களுக்கு உதவாது. பாதியை வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று போனில் சொன்னதை ஏற்கவில்லை.

எதுவும் நடக்காவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திலோ நீதிமன்றத்திலோ வழக்கிடும் உரிமை எங்களுக்கு உண்டு. பதிலை எழுத்தில் தாருங்கள்.

இணைப்பு: ஒப்பந்தம், ரசீது, டி.ஓ. நகல்கள், விரிசல், தராசுப் படங்கள் 11.

இப்படிக்கு,
செயலாளர்
ஆலய நிர்வாகக் குழு