உதவித்தொகைப் படிவம்: நிரப்பியதும் நிரப்பாததும்

தங்கைக்கு,

“இதை நிரப்பித் தாருங்கள் அக்கா” என்ற ஒரே வரியோடு நீர் அனுப்பிய படிவத்தில், நீர் ஏற்கெனவே எழுதியவற்றிலிருந்து தெரிந்ததை மட்டும் நிரப்பியிருக்கிறேன்.

மாவட்டம்: திருகோணமலை. மாகாணம்: கிழக்கு. பிரதேச செயலகம்: பட்டினமும் சூழலும். மூன்றும் உப்புவெளி முகவரியிலிருந்து வந்தவை.

பால்: பெண். பிறந்த திகதி: 2005 மார்ச் 3. அடையாள அட்டை இலக்கம் 2005563 என்று தொடங்குகிறது. முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படுவதால் 563இல் மிஞ்சுவது 63ஆம் நாள். அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். சாதாரண நாட்காட்டியில் எண்ணி மார்ச் 4 என்று மாற்றிவிடாதீர். பிறப்புச் சான்றிதழோடு ஒருமுறை ஒத்துப் பாரும்.

விண்ணப்பக் காரணம்: “எனது தந்தை கடற்றொழிலாளர். நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் பயில்கிறேன். கல்விச் செலவுக்கு இவ்வுதவியை வேண்டுகிறேன்.” வறுமையைப் பற்றி உருக்கமாக எழுதியிருக்கலாம், நீர் சொல்லாததை உம் வாயில் திணிக்க எனக்கு மனமில்லை.

மாத வருமானத்தைத் தொடவில்லை. கடலுக்குப் போகிறவர் வருமானத்தை நான் எப்படி ஊகிப்பது? கிராம அலுவலர் உறுதிப்படுத்தும் தொகையும் படிவத்தில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டு எழுதும். தாயாரின் தொழில், இசற் புள்ளி, வங்கிக் கணக்கு இலக்கம் மூன்றும் உம்மிடமிருந்தே வர வேண்டும். சகோதரர் இருவர் என்றிருக்கிறது. இருவரும் படிக்கிறார்களா என்று இல்லை.

வேறு உதவித்தொகை பெறுகிறீரா என்ற கேள்விக்கு “இல்லை” என்று நானாகப் போடவில்லை. கையொப்பத்துக்கு மேலுள்ள உறுதிமொழி உம்முடையது.

அக்கா