சித்த மருத்துவர் தந்த சான்றிதழ் என்பதற்காக மருத்துவ விடுப்பை மறுக்கலாமா?

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலியில் இரு சக்கர வாகனங்கள் விற்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக எழுத்தராக வேலை பார்த்து வருகிறேன். மாதச் சம்பளம் 26,400 ரூபாய்; 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டிவிட்டதால் நான் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இல்லை. எனவே, உடல்நலக் குறைவுக்கு எனக்கு இருக்கும் ஒரே வழி நிறுவனம் தரும் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்புதான். எங்கள் நிறுவன விதிப்படி அது ஆண்டுக்கு 12 நாட்கள். இந்த ஆண்டு அதில் ஒரு நாளைக்கூட நான் அதுவரை எடுத்திருக்கவில்லை.

கடந்த ஆகஸ்ட் 4-ஆம் தேதி காலையில் இடுப்பிலிருந்து இடது கால் பாதம் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டதால் என்னால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அன்றே கைப்பேசியில் எச்.ஆர். மேலாளருக்குத் தகவல் தெரிவித்தேன். முதல் மூன்று நாட்கள் களியக்காவிளைப் பக்கம் இருக்கும் ஒரு பரம்பரை வர்ம ஆசானிடம் எண்ணெய்த் தடவலும் கட்டும் போட்டுக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் எலும்பு, நரம்பு என்றால் முதலில் அங்குதான் போவது வழக்கம். வலி குறைந்தாலும் கால் மரத்துப்போவது நிற்காததால், 7-ஆம் தேதி பாளையங்கோட்டையில் தனியாக மருத்துவமனை நடத்தும் ஒரு சித்த மருத்துவரைப் பார்த்தேன். அவர் அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்.எம்.எஸ். பட்டம் பெற்றவர், தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்தில் பதிவு செய்தவர். அவர் சொல்லித்தான் 8-ஆம் தேதி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தேன். முதுகெலும்பின் எல்-4, எல்-5 பகுதியில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக அந்த அறிக்கை சொல்கிறது. 13-ஆம் தேதி வரை ஓய்வு தேவை என்று ஒரு சான்றிதழும், 14-ஆம் தேதி பணிக்குச் செல்லலாம் என்று உடற்தகுதிச் சான்றிதழும் தந்தார். இரண்டிலும் அவருடைய பதிவு எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கின்றன. நோயின் பெயரைத் தண்டக வாதம் என்று எழுதி, அதற்கு நேரே நவீன மருத்துவம் சொல்லும் பெயரையும் எழுதியிருக்கிறார்.

பணிக்குத் திரும்பிய அன்று இவற்றைக் கொடுத்தபோது, எச்.ஆர். மேலாளர் சான்றிதழில் பி.எஸ்.எம்.எஸ். என்ற எழுத்துகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘ஏற்க இயலாது’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். நிறுவனத்தின் விடுப்பு விதி, இரண்டு நாட்களுக்கு மேற்பட்ட மருத்துவ விடுப்புக்கு ‘பதிவு பெற்ற மருத்துவரின் சான்றிதழ்’ வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. அந்தச் சொற்கள் எம்.பி.பி.எஸ். படித்தவரைத்தான் குறிக்கும், நாட்டு வைத்தியத்தையெல்லாம் கணக்கில் எடுக்க முடியாது என்பது அவருடைய விளக்கம். விடுப்பு மென்பொருளில் நோய்ப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் தண்டக வாதம் இல்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். ஸ்கேன் அறிக்கையைக் காட்டினேன். அது நோய்க்குச் சான்றே தவிர ஓய்வுக்குச் சான்று இல்லை என்று சொல்லி அதைப் பிரித்துப் பார்க்கவும் மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக ஒன்பது வேலை நாட்களுக்கும் சேர்த்து 7,920 ரூபாய், அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. அதோடு நில்லாமல், அனுமதியின்றிப் பணிக்கு வராதது குறித்து விளக்கம் கேட்டு மெமோவும் கொடுத்திருக்கிறார்கள். பணத்தைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நாளைக்குப் பதவி உயர்வு வரும்போது கோப்பில் இந்தத் தாள்தான் முதலில் கண்ணில் படும்.

சித்த மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, 1970-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவைப் படித்துப் பார்க்கச் சொன்னார். அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றுப் பதிவேட்டில் இடம்பெற்ற இந்திய முறை மருத்துவருக்கு, சட்டப்படி தகுதி பெற்ற மருத்துவர் கையெழுத்திட வேண்டிய மருத்துவச் சான்றிதழிலும் உடற்தகுதிச் சான்றிதழிலும் கையெழுத்திடும் உரிமை உண்டு என்றே அதை நான் புரிந்துகொண்டேன். அந்தச் சட்டத்துக்கு மாற்றாக வந்த, 2020-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டத்திலும் இந்த உரிமை தொடர்வதாக அவர் கூறினார். 1964 முதல் அரசே பாளையங்கோட்டையில் கல்லூரி நடத்திப் பட்டம் கொடுத்து, அங்கே படித்தவர்களை அரசு மருத்துவமனைகளில் பணியிலும் அமர்த்துகிறது. அதே ஊரை ஒட்டி இயங்கும் ஒரு நிறுவனம் அந்தப் பட்டத்தை நாட்டு வைத்தியம் என்று ஒதுக்குவது எனக்கு விளங்கவில்லை. இத்தனைக்கும் எங்கள் ஊழியர்களுக்கு நிறுவனம் எடுத்துத் தந்திருக்கும் குழு மருத்துவக் காப்பீட்டின் கையேட்டில் ஆயுஷ் சிகிச்சைக்கும் பணம் உண்டு என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள்.

இதற்கிடையே, உடன் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், முந்நூறு ரூபாய் கொடுத்தால் பழைய தேதியிட்டு ஓர் எம்.பி.பி.எஸ். மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், பேசாமல் அதைக் கொடுத்துவிடு என்றார். நான் மறுத்துவிட்டேன். என்னைத் தொட்டுப் பார்க்காதவர் எழுதித் தரும் பொய்த் தாள் செல்லும், நேரில் பார்த்துச் சிகிச்சை செய்தவர் எழுதிய தாள் செல்லாது என்றால், அந்த விதி எதைச் சரிபார்க்கிறது என்று தெரியவில்லை.

இனி நான் தங்களிடம் கேட்க விரும்புவது இது. எங்களைப் போன்ற விற்பனை நிலையங்களுக்குப் பொருந்தும் 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, நோய் அல்லது விபத்தின் காரணமாக ஆண்டுக்கு 12 நாட்கள் வரை சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. அப்படிச் சட்டமே தரும் விடுப்பை, குறிப்பிட்ட ஒரு மருத்துவ முறையைச் சேர்ந்தவரின் சான்றிதழுக்கு மட்டுமே தருவோம் என்று நிறுவனம் தன் விதிக்குப் பொருள் சொல்லிச் சுருக்க முடியுமா? விதியில் அப்படி வெளிப்படையாக எழுதியிருந்தால்கூட அது செல்லுமா?

முதல் மூன்று நாட்களைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆசான் தந்த சீட்டில் பதிவு எண் எதுவும் இல்லை. அதைச் சான்றிதழ் என்று வாதாட நான் விரும்பவில்லை. சித்த மருத்துவரோ, 7-ஆம் தேதிக்கு முன் தாம் என்னைப் பார்க்காததால் அந்த நாட்களுக்குச் சான்று தர இயலாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாட்களையும் என் கணக்கில் மீதமிருக்கும் தற்செயல் விடுப்பில் கழித்துக்கொள்ளும்படி இப்போது கேட்க முடியுமா? அப்படிக் கேட்பது, மீதி ஆறு நாட்களுக்கான என் கோரிக்கையைப் பலவீனப்படுத்திவிடுமா?

மெமோவுக்கு வரும் திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலிலேயே மேற்சொன்ன சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டுப் பிடித்த சம்பளத்தைத் திருப்பித் தரும்படி கேட்பது நல்லதா, அல்லது இப்போதைக்கு வராததற்கான காரணத்தை மட்டும் விளக்கிவிட்டு, சம்பளப் பிடித்தம் குறித்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் தனியாக மனுக் கொடுப்பது நல்லதா? வேலையில் தொடர்ந்துகொண்டேதான் இதைக் கேட்க விரும்புகிறேன். நிறுவனத்தோடு மோதுவது என் நோக்கம் இல்லை. சான்றிதழ்கள், ஸ்கேன் அறிக்கை, சம்பளச் சீட்டு, மெமோ, விடுப்பு விதியின் அந்தப் பக்கம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். என் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு எழுத்தர்,
திருநெல்வேலி