அட்டைப்பூச்சிக்குக் கேட்காமலே கொடுக்கிறோம், ஆளுக்குக் கேட்டால் கொடுக்க மாட்டோமா?

இரத்ததான முகாம்

2026 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை
எமது பாடசாலை மண்டபத்தில்

18 வயதுக்கு மேல், 60 வயதுக்குள் உள்ள எல்லோரும் வரலாம்.
அடையாள அட்டையை எடுத்து வாருங்கள்.
சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மழை பெய்தாலும் முகாம் நடக்கும்.

•

நின்று வாசிக்க நேரம் உள்ளவர்களுக்கு

அண்ணன்மாரே, அக்காமாரே, பெற்றோர்களே, எங்களோடு படித்த பழைய மாணவர்களே,

போஸ்டரில் நேரமும் இல்லை, போன் நம்பரும் இல்லை என்று நீங்கள் கேட்பது எங்களுக்கும் கேட்கிறது. இரத்த வங்கிக் குழு டவுனிலிருந்து வண்டியில் கட்டில், பெட்டி, ஐஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு இந்த ரோட்டில் ஏறி வரவேண்டும். ஜூன் மாத மழையில் இந்த ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போதே ஒரு நேரத்தை அச்சடித்துப் போட்டு, உங்களை வந்து காத்து நிற்க வைக்க எங்களுக்கு மனமில்லை. குழு நேரத்தை உறுதி செய்ததும் கோயில் ஸ்பீக்கரில் சொல்வோம், பிள்ளைகளின் கொப்பியிலும் எழுதி அனுப்புவோம். அதற்கு முன்பே கேட்க வேண்டுமென்றால் பிள்ளையின் வகுப்பு டீச்சரிடம் கேளுங்கள். நாள் மட்டும் மாறாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெரட்டுக்குப் போகவேண்டிய அவசரமும் இல்லை, யாருக்கும் பேர் போகாது.

ஜூன் 14 உலக இரத்ததானம் செய்வோர் தினம். இரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் பிறந்த நாள் அது, 1868இல். ஒருவர் இரத்தம் இன்னொருவருக்கு ஏன் சில சமயம் ஒத்துப்போகிறது, ஏன் சில சமயம் ஆளையே கொன்றுவிடுகிறது என்பது அவருக்கு முன் யாருக்கும் சரியாகத் தெரியாது. இன்று ஏ, பி, ஓ என்று அடையாள அட்டை அளவு கார்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். தன் இரத்த வகை தெரியாத ஆட்கள் இன்னும் லயத்துக்கு நாலு பேர் இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் அதுவும் தெரிந்துவிடும்.

இந்த இரத்தம் யாருக்குப் போகிறது? பிரசவத்தில் இரத்தப் போக்கு நிற்காத தாய்க்கு. கொழுந்து லொறி புரண்டு அடிபட்டவருக்கு. சத்திர சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு. தலசீமியா என்ற இரத்த நோய் உள்ள பிள்ளைக்கு ஒரு தடவை ஏற்றினால் போதாது, சில வாரத்துக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டும். எடுத்த இரத்தத்தைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரிப்பார்கள், அதனால் ஒரு பை ஒருவருக்கு மேற்பட்டவருக்குப் பயன்படும். பிளேட்லெட் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது. சிவப்பணு குளிரில் வைத்தால் ஐந்தாறு வாரம். ஒரு தடவை எல்லோரும் கொடுத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்ள வழியே இல்லை, அதனால்தான் முகாம் திரும்பத் திரும்ப நடக்கிறது.

“இரத்தத்தை வாங்கி விற்பாங்களாமே?” என்று கடையடியில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், பதிலும் சொல்கிறோம். அரச வைத்தியசாலையில் நோயாளிக்கு இரத்தம் ஏற்றக் காசு வாங்குவதில்லை. கொடுப்பவருக்கும் காசு கிடையாது. 2014 முதல் இலங்கையில் சேகரிக்கும் இரத்தம் முழுவதும் காசு வாங்காமல் தானாக முன்வந்து கொடுத்தவர்களுடையது. கீழே கிராமத்தில் விகாரையில் வெசாக்குக்கு முகாம் வைக்கிறார்கள், அங்கே வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை வார்டில் கிடந்தபோது ஏறியது அங்கே கொடுத்த இரத்தமாகவும் இருக்கலாம். பையில் பேர் எழுதியிருக்காது.

•

பயமாக இருக்கிறதா?

இருக்கும், தப்பில்லை. உடம்பில் ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம் இருக்கிறது. அதிலிருந்து 450 மில்லிலீற்றருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். பை நிரம்பப் பத்து நிமிடம் பிடிக்கும். ஊசி போடும்போது ஒரு கடி, அவ்வளவுதான். ஊசியும் பையும் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பிரிப்பார்கள், உங்கள் கண் முன்னாலேயே. போன நீர்ப்பகுதி ஓரிரு நாளில் திரும்பிவிடும். அணுக்கள் ஊறச் சில வாரம் ஆகும், இரும்புச்சத்து சேர இன்னும் நாள் எடுக்கும். அதனால்தான் ஒரு தடவை கொடுத்தால் நான்கு மாதத்துக்குப் பிறகே அடுத்த தடவை.

“கொடுத்தால் மலையில் ஏற முடியாது, கூடை தூக்க முடியாது” என்று சொல்லும் பெரியவர்களுக்கு: அன்றைக்குத் தூக்க வேண்டாம். ஊசி போட்ட கையால் விறகு, தண்ணீர்ப் பானை, காஸ் சிலிண்டர் எதுவும் வேண்டாம். தலை சுற்றாமல் இருந்தால் மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். ஞாயிறு பார்த்து நாள் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் விரலில் ஒரு குத்து. ஒரு சொட்டு எடுத்து நீல நிறத் தண்ணீரில் விடுவார்கள். சொட்டு விறுவிறுவென்று கீழே போனால் இரத்தம் போதிய அளவு இருக்கிறது. மேலே மிதந்தாலோ நடுவில் தயங்கி நின்றாலோ அன்றைக்கு எடுக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் அக்காமாருக்கு, அம்மாமாருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சொட்டு மிதந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் நம் பெண்கள் பலர் இருப்பார்கள். அதை வெட்கமாக நினைத்து “எனக்கு இரத்தமே இல்லைன்னு சொல்லிட்டாங்க” என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்க வேண்டாம். மலையில் நின்று மூச்சு வாங்குவது, பின்னேரம் கண் இருட்டுவது, வயசாகிவிட்டது என்று நீங்கள் தள்ளிவிடுவது எல்லாம் இரத்தச் சோகையாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி காசில்லாமல் கிடைக்கிறது. அப்படிச் சொன்னால் டாக்டரிடமே அடுத்து என்ன செய்வது என்று கேளுங்கள், கிளினிக்குக்குப் போங்கள்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். சோற்றோடு, ரொட்டியோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போன பிறகு குடியுங்கள். கீரையும் நெத்தலியும் பயறும் சாப்பிடும்போது தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். தேயிலைத் தோட்டத்து மதிலில் தேத்தண்ணியைக் குறைக்கச் சொல்லிப் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

•

அன்றைக்கு வரும்போது

முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். சனிக்கிழமை பின்னேரம் தொட்டுச் சாராயம் வேண்டாம், மணத்தோடு வந்தால் டாக்டர் மேசையிலிருந்தே திரும்பி வருவீர்கள். விரதம் இருப்பவர்கள் விரதத்தை முடித்துவிட்டு இன்னொரு முகாமுக்கு வாருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கை மேலே ஏறக்கூடிய சட்டை போடுங்கள், ஸ்வெட்டருக்குள் மூன்று சட்டை போட்டு வந்தால் கழற்றுவதற்கே நேரம் போகும்.

கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும் இப்போது கொடுக்க வேண்டாம். பிரஷர், சீனி, இருதய வருத்தம், வலிப்பு, முன்பு வந்த மஞ்சட்காமாலை, குடிக்கும் மருந்து, அண்மையில் குத்திய பச்சை, அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்தது எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் தனியாகத்தான் கேட்பார். பக்கத்து லயத்து ஆள் காது கொடுக்கும் தூரத்தில் நிற்க மாட்டார், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். மறைக்காமல் சொல்லுங்கள். எடுத்த இரத்தத்தை எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, மேகநோய், மலேரியாவுக்குப் பரிசோதிப்பார்கள். ஆனாலும் தொற்றி மிகச் சில நாட்களே ஆன கிருமி பரிசோதனையில் தப்பலாம். அதனால் உங்கள் வாயால் வரும் உண்மை முக்கியம்.

படிவம் நிரப்பக் கஷ்டமாக இருந்தால் எங்கள் பழைய மாணவர்கள் மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். பேரும் விலாசமும் எழுதித் தருவார்கள், உடம்பு பற்றிய கேள்விகளை டாக்டரிடம் சொல்லலாம்.

பிள்ளைகளே, உங்களுக்கு இன்னும் 18 ஆகவில்லை, ஊசி இல்லை. வேறு வேலை இருக்கிறது. அப்பாவையும் மாமாவையும் சித்தியையும் கையைப் பிடித்து இழுத்து வருவது உங்கள் பொறுப்பு. ஓஎல், ஏஎல் வகுப்புப் பிள்ளைகள் தேத்தண்ணி மேசையையும் வழி காட்டுவதையும் பார்த்துக்கொள்வீர்கள். இரத்தம் கொடுத்தவர்களுக்குப் பணிசும் இனிப்பான பானமும் உண்டு. கொடுக்காமல் பணிசுக்கு மட்டும் வருபவர்களையும் எங்களுக்குத் தெரியும்.

•

மண்டப வாசலில் ஒட்ட

கொடுத்த கையோடு எழும்ப வேண்டாம். பதினைந்து நிமிடம் உட்காருங்கள், குடியுங்கள், சாப்பிடுங்கள்.
பிளாஸ்டரைச் சில மணித்தியாலம் கழற்ற வேண்டாம். இரத்தம் கசிந்தால் கையை உயர்த்தி அழுத்திப் பிடியுங்கள்.
பாடசாலைப் படியில் தனியாக இறங்க வேண்டாம், நனைந்தால் வழுக்கும். ஒருவரைக் கூப்பிடுங்கள்.
தலை சுற்றினால் நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள்.
மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அவசரப்பட வேண்டாம்.
கார்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த தடவை அதைக் கேட்பார்கள்.

•

ஓட்டோவின் பின்பக்கத்துக்கும் பஸ் ஹோல்ட்டுக்கும்

ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 14.
பாடசாலையில் இரத்ததான முகாம்.
சாப்பிட்டீர்களா? அடையாள அட்டை இருக்கிறதா? வாங்க.

அழைப்பவர்கள்:
அதிபர், ஆசிரியர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர்கள்